பிறப்பு குறைவதும் முதுமை கூடுவதும்: மாறுநிலைக் கோட்பாட்டைக் கட்டுரையில் எங்கே நிறுத்துவது

கேள்வி: "முதுகலையில் மக்கள்தொகையியல் தாளுக்கு, பிறப்பு விகிதம் குறைவதையும் முதியோர் பெருகுவதையும் மக்கள்தொகை மாறுநிலைக் கோட்பாட்டை வைத்து விளக்கிக் கட்டுரை எழுத வேண்டும். நான் காரைக்குடிப் பக்கம். செட்டிநாட்டையே எடுத்துக்காட்டாகக் காட்டலாமா? நான்கு கட்டங்களையும் எழுதிவிட்டு, ஆயுள் கூடியதால் முதியோர் கூடினார்கள் என்று முடித்தால் போதுமா?"

செட்டிநாட்டைக் காட்டலாம், ஆனால் அந்த முடிவுரை போதாது, அதில் பெரும்பகுதி தவறாகவும் போய்விடும். நான் பல ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவன். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மாணவர்களைக் கள ஆய்வுக்கு அழைத்துச் சென்றவன். இந்தத் தலைப்பில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது கட்டங்களை விவரிக்கும் பகுதியில் அன்று. பிறப்புக் குறைவிலிருந்து முதுமைக்குத் தாவும் அந்த ஓரிடத்தில்தான். ஆகவே கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் சற்று நேரம் நிற்கிறேன்.

வாரன் தாம்சன் 1929இலும், அடோல்ப் லாண்ட்ரி 1934இலும், பிராங்க் நோட்ஸ்டைன் 1945இலும் எழுதியவற்றிலிருந்து திரண்டு வந்ததே இக்கோட்பாடு. முதலில் பிறப்பும் இறப்பும் இரண்டுமே உயர்ந்திருக்கும். பிறகு இறப்பு குறையும், பிறப்பு பழைய உயரத்திலேயே சிறிது காலம் நிற்கும், அந்த இடைவெளியில் மக்கள்தொகை பெருகும். பிறகு பிறப்பும் இறங்கும். இறுதியில் இரண்டும் தாழ்ந்த நிலையில் ஒன்றையொன்று நெருங்கும். ஐந்தாம் கட்டம் என்று பாடநூல்களில் காண்பது பின்னால் பிறர் சேர்த்தது. நோட்ஸ்டைன் தலையில் அதைக் கட்டாதீர்கள். கட்டங்களுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஒதுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் திருத்துபவருக்கு அது மனப்பாடம்.

தமிழ்நாட்டின் வரலாறு இந்த வரிசைக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது என்பதை உறுதியாக எழுதலாம். 1921ஐ இந்திய மக்கள்தொகை வரலாற்றின் பெரும் பிரிகோடு என்பார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டில் விஷக்காய்ச்சல் வாரிக்கொண்டு போனதில் நாட்டின் மக்கள்தொகையே சற்றுக் குறைந்தது, அதற்குப் பிறகு ஒரு கணக்கெடுப்பிலும் குறையவில்லை. பஞ்சமும் காலராவும் அம்மையும் மலேரியாவும் பிடி தளர்த்தியபோது இறப்பு முதலில் இறங்கியது. பிறப்பு உடனே இறங்கவில்லை. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1921இல் 2.16 கோடியாக இருந்தவர்கள் 1971இல் 4.12 கோடியானார்கள். அதற்குள் பிறப்பும் இறங்கத் தொடங்கிவிட்டிருந்தது. மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி, 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 குழந்தைகள் என்றிருந்த மொத்தக் கருவள விகிதம் 2020இல் 1.4 ஆயிற்று. இதே காலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தவர் எண்ணிக்கை 113இலிருந்து 13 ஆகக் குறைந்தது. இந்த இரண்டு சரிவையும் அருகருகே வைத்தாலே உங்கள் கட்டுரையின் முதற்பாதிக்கு வேண்டிய சான்று கிடைத்துவிடும்.

ஆனால் வரிசை ஒத்துப்போவது வேறு, காரணம் ஒத்துப்போவது வேறு. பழைய வடிவில் கோட்பாடு, தொழில்மயமும் நகரமயமும் வந்த பிறகுதான் குடும்பம் சுருங்கும் என்று எதிர்பார்த்தது. பிரான்சில் அப்படி நடக்கவில்லை. அங்கே 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பெரும்பாலோர் உழவர்களாக இருந்த காலத்தில், பிறப்பு இறங்கத் தொடங்கியது. 1960களில் ஆன்ஸ்லி கோல் தலைமையில் பிரின்ஸ்டனில் தொடங்கிய ஐரோப்பியக் கருவள ஆய்வு, மாகாணம் மாகாணமாகப் புள்ளிவிவரங்களைத் தோண்டிப் பார்த்து, 'இவ்வளவு வருமானம் வந்தால், இவ்வளவு நகரமயம் ஆனால் பிறப்பு குறையும்' என்று சொல்லக்கூடிய எல்லைக்கோடு எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஒரே மொழியும் பண்பாடும் உடைய பகுதிகளில், பொருளாதார நிலை வேறாக இருந்தாலும், சரிவு ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கியதைக் கண்டது. தமிழ்நாட்டுக்கு இது பொருந்தும். தேசியக் குடும்ப நல ஆய்வுகளின்படி மொத்தக் கருவள விகிதம் 1998-99இல் 2.2, 2005-06இல் 1.8. அதாவது ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1 என்ற மட்டத்தை நாம் கடந்தபோது, மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிராமங்களில் வாழ்ந்தார்கள்.

அப்படியானால் ஏன் குறைந்தது? இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்து எழுதுவதுதான் நல்ல மதிப்பெண்ணுக்கும் நேர்மைக்கும் உகந்தது. குழந்தைகள் பிழைத்தது, பெண்கள் பள்ளிக்குப் போனது, திருமண வயது ஏறியது, கருத்தடை கைக்கெட்டிய தூரத்தில் கிடைத்தது ஆகிய நான்கும் பங்களித்தன என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. சென்னை மாநிலம் 1950களிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ரொக்கம் கொடுக்கத் தொடங்கிய மாநிலம். இன்றும் இங்கே மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம்பியிருப்பது பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடையை. ஆண்கள் செய்துகொள்ளும் அறுவை நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் இந்த நான்கில் எதற்கு எவ்வளவு எடை என்பதும், சுயமரியாதை இயக்கத்தின் பிரசாரமும் சத்துணவும் மூலைமுடுக்கெல்லாம் போன பேருந்தும் எவ்வளவு தூரம் மனத்தை மாற்றின என்பதும் இன்னும் வாதத்தில் இருப்பவை. அவற்றைக் குறிப்பிடுங்கள், ஆனால் 'காரணமாக அமைந்தன' என்று முற்றுப்புள்ளி வைக்காமல் 'காரணங்களாகச் சுட்டப்படுகின்றன' என்று எழுதுங்கள். ஜான் கால்டுவெல் சொன்ன கருத்து ஒன்று இங்கே கைகொடுக்கும்: பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கு உழைப்பும் பணமும் வந்துகொண்டிருக்கும் வரை குடும்பம் பெரிதாக இருக்கும், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகத் தொடங்கியதும் அது சுருங்கும். ஆடு மேய்க்கப் போன பையன் வேன் ஏறி ஆங்கிலப் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் கணக்கு திசை மாறுகிறது.

ஐரோப்பாவின் அண்மைக் கால மாற்றத்தை விளக்க லெஸ்தாக்கும் வான் டி காவும் 1986இல் முன்வைத்த 'இரண்டாம் மாறுநிலை'யைச் சிலர் அப்படியே தமிழ்நாட்டின் மேல் போர்த்துகிறார்கள். அது வேண்டாம். திருமணமின்றிச் சேர்ந்து வாழ்வதும், திருமணத்துக்கு வெளியே குழந்தை பெறுவதும், குழந்தையே வேண்டாமென்று இருப்பதும் பரவியதை வைத்து எழுதப்பட்ட கருத்து அது. நம் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் மணம் செய்துகொள்கிறார்கள், மணமான ஓரிரு ஆண்டுக்குள் முதல் குழந்தை, இரண்டோடு அறுவை. எண் ஒன்றாக இருக்கலாம், போன வழி வேறு.

இனி முதுமைக்கு வருகிறேன். ஆயுள் கூடியதால் முதியோர் பங்கு கூடியது என்பது கேட்க இயல்பாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1000 பேர். 15 வயதுக்குக் கீழ் 400, 15 முதல் 59 வரை 530, அறுபதும் அதற்கு மேலும் 70. முதியோர் பங்கு 7 விழுக்காடு. இப்போது அம்மையும் வயிற்றுப்போக்கும் குறைகின்றன. இந்த நோய்களில் முதலில் செத்துக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகளே. ஆகவே முதலில் பிழைப்பவர்களும் அவர்களே. 60 குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தால் ஊரில் 1060 பேர், முதியோர் அதே 70, பங்கு 6.6 விழுக்காடாகக் குறைகிறது. இறப்பு குறைந்ததால் ஊர் இளமையாகிவிட்டது! மாறுநிலையின் இரண்டாம் கட்டத்தில் நடப்பது இதுதான்.

பழைய 1000 பேருக்கே திரும்புவோம். இம்முறை பிறப்பு பாதியாகிப் பதினைந்து ஆண்டுகள் அப்படியே நீடிக்கிறது. மற்றவை மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். பதினைந்துக்குக் கீழ் 400 பேர் இருந்த இடத்தில் 200 பேர்தான். மொத்தம் 800, முதியோர் அதே 70, பங்கு 8.75 விழுக்காடு. ஒரு முதியவர்கூடக் கூடுதலாக வாழவில்லை. ஆனாலும் ஊருக்கு வயதாகிவிட்டது. வயதுக் கூம்பு அடியில் சுருங்கியதால் வந்த முதுமை இது. இதை 1950களிலேயே கணித வழியில் தெளிவாக்கியவர்களில் மேலே சொன்ன ஆன்ஸ்லி கோலும் ஒருவர். என் கணக்கு வேண்டுமென்றே எளிமையாக்கப்பட்டது. உண்மையில் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எல்லோருக்கும் வயது ஏறும், சிலர் இறப்பார்கள். ஆயினும் திசை மாறாது.

ஆயுள் நீள்வதற்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. குழந்தை இறப்பு மிகத் தாழ்ந்துவிட்ட பிறகு, இறப்பில் ஏற்படும் மேலும் ஒவ்வொரு குறைவும் அறுபது, எழுபது வயதுக்காரர்களிடம்தான் நடக்க முடியும். அப்போது கூம்பின் உச்சியும் தடிக்கிறது. ஜப்பானில் இன்று அது பெரிய பங்கு. தமிழ்நாடு இப்போதுதான் அந்த வாசலில் நிற்கிறது. ஆகவே கட்டுரையில், 'முதலில் இறப்புக் குறைவு இளமையைக் கொண்டுவந்தது, அடுத்துப் பிறப்புக் குறைவு முதுமையைக் கொண்டுவந்தது, இப்போது முதிய வயதின் இறப்புக் குறைவும் அதனோடு சேர்கிறது' என்ற மூன்று படியை வைத்தால், கோட்பாட்டுக்கும் முதுமைக்கும் இடையே இருந்த அந்தத் தாவல் பாலமாகிவிடும்.

இதோடு சேர்ந்த ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் ஆயிரம் பேருக்கு இறந்தவர் கேரளத்தில் 7.0, தமிழ்நாட்டில் 6.1, பீகாரில் 5.4. இதைப் பார்த்துப் பீகாரில் உடல்நலம் மேல் என்று எழுதிய விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன். பீகாரில் சிறுவர்கள் அதிகம், கேரளத்தில் முதியவர்கள் அதிகம், அவ்வளவுதான். எந்த வயதை எடுத்துக்கொண்டாலும் கேரளத்தில்தான் இறக்கும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. ஆகவே நான்காம் கட்டத்தின் முடிவில் இறப்புக் கோடு சற்று மேல்நோக்கி வளைவதைப் படத்தில் கண்டால், அதை நோயின் அறிகுறியாக எழுதாதீர்கள். வயதமைப்பின் விளைவு என்று எழுதுங்கள். வெவ்வேறு வயதமைப்புள்ள மாநிலங்களை ஒப்பிட வேண்டுமானால் பிறப்பின்போது எதிர்பார்க்கும் ஆயுளைப் பயன்படுத்துங்கள்.

இப்போது செட்டிநாடு. இங்கேதான் உங்கள் கட்டுரை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட வாய்ப்பு இருக்கிறது, கவனிக்காவிட்டால் கவிழவும் வாய்ப்பு இருக்கிறது. மாறுநிலைக் கோட்பாட்டில் பிறப்பு, இறப்பு என்ற இரண்டு வாசல்கள்தாம் உண்டு. ஒரு நாட்டுக்கு அது பெரும்பாலும் போதும். ஓர் ஊருக்குப் போதாது, ஏனென்றால் ஊருக்கு மூன்றாவது வாசல் இருக்கிறது, அது இடப்பெயர்வு. மேலே சொன்ன, பிறப்புக் குறைந்து 800 பேராகிவிட்ட அதே கிராமத்திலிருந்து 15 முதல் 59 வயதுக்குள் 100 பேர் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டால், மிச்சம் 700 பேரில் முதியோர் 70. பங்கு 10 விழுக்காடு. பதினைந்து ஆண்டுப் பிறப்புக் குறைவு 7இலிருந்து 8.75க்குத்தான் கொண்டுவந்தது, நூறு பேர் பேருந்து ஏறியதும் அது 10ஐத் தொட்டுவிட்டது.

செட்டிநாட்டில் இந்த மூன்றாம் வாசல் நூற்றாண்டுக்கு மேலாகத் திறந்தே இருக்கிறது. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது பலர் திரும்பி வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் பிறகு சென்னைக்கும் கோவைக்கும் கடல் கடந்தும் போனார்கள். அவர்கள் மட்டும் அல்லர். மானாவாரியும் கண்மாய்ப் பாசனமும் கைவிட்ட சிவகங்கைச் சீமையின் கிராமங்களிலிருந்து எல்லாச் சாதி இளைஞர்களும் வேலை தேடி வெளியேறுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1003 பெண்கள். மாநிலச் சராசரி 996. ஆண்கள் வெளியேறுவதற்கு இது ஓர் அடையாளம், ஆனால் முழுச் சான்று அன்று, ஏனென்றால் பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதும் முதியோர் மிகுந்த மாவட்டத்தில் இதே விளைவைத் தரும்.

அப்படியென்றால் உங்கள் ஊரில் முதியோர் பங்கு கூடியது பிறப்புக் குறைவாலா, வெளியேற்றத்தாலா என்று எப்படிப் பிரிப்பது? ஒரு நேரான சோதனை உண்டு. கணக்கெடுப்பின் ஐந்தாண்டு வயதுப் பிரிவு அட்டவணையை (C-14) எடுத்து, 0 முதல் 4 வயதுக் குழந்தைகளை 15 முதல் 49 வயதுப் பெண்களின் எண்ணிக்கையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். இந்தக் குழந்தை-பெண் விகிதம் உங்கள் மாவட்டத்தில் மாநிலத்தைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால், பிறப்பே இங்குக் கூடுதலாகக் குறைந்திருக்கிறது என்று ஐயப்படலாம். மாநிலத்தை ஒட்டியே இருந்து, ஆனால் 20 முதல் 39 வயதுக்காரர்களின் பங்கு மாநிலத்தைவிடச் சிறுத்திருந்தால், ஊருக்கு வயதானது பிள்ளை பெறாததால் அன்று, பெறக்கூடியவர்கள் போய்விட்டதால். 2001, 2011 இரண்டையும் எடுத்து, 2001இல் 15 முதல் 19 வரை இருந்தவர்கள் 2011இல் 25 முதல் 29 வரை இருப்பவர்களாக எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். அந்த வயதில் இறப்பு மிகக் குறைவு, ஆகவே குறைந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே போனவர்களே. பெண்களுக்குத் தனியாகவும் ஆண்களுக்குத் தனியாகவும் செய்யுங்கள், ஏனென்றால் கல்யாணமாகி வேறு மாவட்டம் போவதும் வருவதும் பெண்களின் கணக்கை மாற்றிவிடும்.

மாநில அளவிலும் மூன்றாம் வாசலை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டு மக்கள்தொகை 1991-2001இல் 11.7 விழுக்காடு வளர்ந்தது. பிறப்பு மேலும் குறைந்த 2001-2011இல் 15.6 விழுக்காடு வளர்ந்தது. இடையில் பிறப்புக்கும் இறப்புக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஏறக்குறைய 9. பத்தாண்டுக்கு அது 10 விழுக்காட்டைத் தாண்டாது. மிச்சம் எங்கிருந்து வந்தது? பிற மாநிலத் தொழிலாளர் வருகை ஒரு விடை, 2001இல் சிலர் எண்ணப்படாமல் விடுபட்டார்கள் என்பது மற்றொரு விடை. இரண்டும் எந்த அளவில் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மாறுநிலைக் கோட்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த எண்ணை விளக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

வீடு வீடாகப் போய் நீங்களே தரவு சேர்க்கப் போகிறீர்களானால், செட்டிநாட்டு வீடு உங்கள் படிவத்தை ஒரு கை பார்த்துவிடும். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில், என் மாணவி ஒருத்தி "வீட்ல மொத்தம் எத்தனை பேரு ஆச்சி?" என்று கேட்டாள். பட்டகசாலையில் உட்கார்ந்திருந்த ஆச்சி, "புள்ளி கேக்குறியா ஆத்தா, ஆளு கேக்குறியா? புள்ளின்னா ஏழு. ஆளுன்னா நானும் சமையலுக்கு வர்ற பொண்ணும். ராத்திரிக்கு நான் மட்டுந்தான்" என்றார். மணமான ஓர் இணையரை ஒரு புள்ளியாகக் கொண்டு கோயில் வரி கணக்கிடுவது நகரத்தார் வழக்கம். அந்த வீட்டில் பங்குள்ள ஏழு புள்ளிகளும் வெவ்வேறு ஊர்களில் இருந்தன. வழக்கமாக வசிப்பவர்களை எண்ணுவதா, அன்றிரவு அங்கே இருந்தவர்களை எண்ணுவதா என்று மக்கள்தொகையியலில் நாம் பிரிப்பதைத்தான் அவர் ஒரே மூச்சில் சொன்னார். எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் படிவத்தின் தலையிலேயே எழுதி, கடைசி வீடு வரை அதையே கடைப்பிடியுங்கள். சாந்திக் கல்யாணமோ கோயில் திருவிழாவோ நடக்கும் வாரத்தில் போனால் பூட்டிக் கிடந்த வீடுகளில் நாற்பது பேர் இருப்பார்கள். அடுத்த வாரம் காவல்காரர் மட்டும் இருப்பார்.

அதே ஆச்சியிடம் வயதைக் கேட்டபோது, "எண்பது இருக்கும்" என்றார். இப்படிப் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் விடைகள் குவிவது இந்தியக் கணக்கெடுப்புகளில் பழைய சிக்கல். அறுபதில் அது கூடுதலாக நம்மைப் பாதிக்கும். முதியோர் உதவித்தொகை, அறுபதாம் கல்யாணம் என்று அந்த எண்ணைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன, முதியோர் பங்கைக் கணக்கிடும் கோடும் அங்கேதான் கிழிக்கப்படுகிறது. ஐம்பத்தெட்டுக்காரர் அறுபது என்றால் அவர் உங்கள் கணக்கில் முதியவர் ஆகிவிடுகிறார். இதைத் தாண்ட, நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்பதுதான் வழி. "ரங்கூன்ல குண்டு போட்டப்ப எனக்கு நடக்கத் தெரியும், அப்பத்தா இடுப்புல தூக்கிட்டு வந்தாகளாம்" என்று ஆச்சி சொன்னார். ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பரில். அப்போது நடக்கத் தெரிந்த, ஆனால் தூக்கிக்கொண்டு வர வேண்டிய குழந்தை என்றால் பிறப்பு 1939-40 வாக்கில். இப்படி உள்ளூர் நிகழ்ச்சிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படிவங்கள் வந்த பிறகு, 58, 59, 60, 61, 62 வயதுகளில் எத்தனை பேர் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். 60இல் மட்டும் குன்று எழும்பியிருந்தால் உங்கள் முதியோர் பங்கைச் சற்றுத் தள்ளுபடி செய்துதான் நம்ப வேண்டும்.

வெளித் தரவுகளில் இரண்டு எச்சரிக்கைகள். 2020க்கு மாதிரிப் பதிவு முறை 1.4 என்று சொல்லும் கருவள விகிதத்தை, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு 1.8 என்று சொல்கிறது. ஒன்று நிகழும் பிறப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்வது. மற்றது பெண்களைச் சந்தித்துக் கடந்த மூன்றாண்டுப் பிறப்புகளைக் கேட்டுக் கணக்கிடுவது. இரண்டுமே ஈடுசெய் மட்டத்துக்குக் கீழே என்பதால் உங்கள் வாதத்துக்கு இடையூறில்லை. ஆனால் ஒன்றின் பழைய எண்ணையும் மற்றொன்றின் புதிய எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்தீர்களானால் நடக்காத ஏற்றமோ சரிவோ படத்தில் தோன்றிவிடும். அதுபோலவே முதியோர் என்பதற்கு இந்திய அட்டவணைகள் 60 வயதையும் ஐரோப்பிய ஒப்பீடுகள் 65 வயதையும் எல்லையாகக் கொள்கின்றன. 65 வயதைக் கடந்தவர் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக இரட்டிக்கப் பிரான்சுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் தமிழ்நாட்டின் 60 வயதுக் கணக்கை வைக்காதீர்கள்.

அந்த 60 வயதுக் கணக்கு இப்படி: தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு; அரசின் தொழில்நுட்பக் குழுவின் முன்கணிப்பில் 2021க்கு 13.6, 2031க்கு 18.2. முதலாவது எண்ணப்பட்டது, பின்னிரண்டும் கணிக்கப்பட்டவை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அந்த ஆண்டு எண்ணை 'இருந்தது' என்று எழுதாமல் 'மதிப்பிடப்பட்டது' என்று எழுதுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 2031இல் அறுபதைக் கடக்கப் போகிறவர்கள் எல்லோரும் 1971க்குள் பிறந்துவிட்டவர்கள், ஆகவே அவர்களின் எண்ணிக்கையில் பெரிய பிழை நேர வாய்ப்பில்லை. பிழை நேரக்கூடியது வகுக்கும் எண்ணில், அதாவது இனிப் பிறக்கப் போகும் குழந்தைகளிலும் வந்து சேரப் போகும் வெளிமாநிலத்தவரிலும்தான். பிறப்பு இனி ஏறுமா, இன்னும் இறங்குமா என்பதற்கு மாறுநிலைக் கோட்பாட்டில் விடை இல்லை. நான்காம் கட்டத்தில் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. கொரியாவில் ஒன்றுக்கும் கீழே போனதை அது முன்கூட்டிச் சொல்லவில்லை.

செட்டிநாட்டைப் பற்றிய பகுதியை எங்கே வைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குப் பிறகு வைத்து, 'மாநிலத்தின் முதுமையைப் பெரும்பாலும் பிறப்புக் குறைவு விளக்குகிறது. இந்தப் பகுதியில் அதன்மேல் இளையோர் வெளியேற்றமும் ஏறி நிற்கிறது' என்ற வாக்கியத்தோடு தொடங்குங்கள். அதை நிறுவ மேலே சொன்ன இரண்டு விகிதங்கள் போதும். மாவட்ட அட்டவணையை வைத்துக் கணக்கிடுகிறீர்கள் என்பதால், 'சிவகங்கை மாவட்டம்' என்றே எழுதுங்கள். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது, அதற்கென்று தனி அட்டவணை கணக்கெடுப்பில் கிடையாது.